எல்லா எழுத்தையும் வாசித்த குழந்தைக்கு மாலையில் ஏன் தலைவலி? ஒரு வகுப்பாசிரியர் கடிதத்தின் பொருள்

குழந்தை கண்களைச் சுருக்கிப் பார்க்கிறது, அடிக்கடி கசக்குகிறது, மாலையானால் தலை வலிக்கிறது என்கிறது. வகுப்பாசிரியரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்ததும் பெரும்பாலான பெற்றோர் பார்வைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். குழந்தை சுவரிலுள்ள எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடையின்றி வாசித்துவிடுகிறது. பார்வை 6/6, குறையொன்றும் இல்லை என்ற பதிலோடு திரும்புகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆசிரியரிடமிருந்து இரண்டாவது கடிதம் வருகிறது.

ஆசிரியர் மிகைப்படுத்துகிறாரா, பரிசோதனை தவறா, குழந்தை நடிக்கிறதா என்ற குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இந்த மூன்றுமே உண்மையாக இல்லாத ஒரு நிலை உண்டு. அது அரியதும் அல்ல. 6/6 வாசிக்கும் கண்ணிலேயே கணிசமான பவர் ஒளிந்திருக்கலாம். அதை எழுத்துப் பலகை ஏன் காட்டுவதில்லை, கடிதம் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது, எந்தப் பரிசோதனையில் அது வெளிவரும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கடிதத்தில் இருந்தது

விளக்கத்துக்காக ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தை ஒன்பது வயதுச் சிறுமி, நான்காம் வகுப்பு மாணவி.

"மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, வணக்கம். கடந்த மூன்று வாரங்களாகத் தங்கள் மகளிடம் நான் கவனித்தவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். காலையில் முதல் இரண்டு பாடவேளைகளில் அவளிடம் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. மதிய இடைவேளைக்குப் பிறகு வாசிப்போ எழுத்துப் பயிற்சியோ இருபது நிமிடத்தைத் தாண்டினால் கண்களைக் கசக்கத் தொடங்குகிறாள். நோட்டிலிருந்து தலை நிமிர்ந்து கரும்பலகையைப் பார்க்கும்போது கண்களைச் சுருக்குகிறாள். மூன்றாவது வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தும் இது குறையவில்லை. நெற்றி வலிப்பதாக ஏழு நாள் கடைசிப் பாடவேளையில் சொன்னாள். பிற்பகலில் விளையாட்டு வகுப்பு உள்ள நாள்களில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கண்கள் சிவந்தோ நீர் வழிந்தோ நான் பார்க்கவில்லை, வாந்தியும் இல்லை. இதற்குக் காரணம் என்ன என்று என்னால் கூற இயலாது. கண் மருத்துவரைப் பார்க்கும்போது இக்கடிதத்தையும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நல்ல கடிதம் இது. நோயின் பெயரை அது சொல்லவில்லை; கண்ணாடி போடுங்கள் என்றும் சொல்லவில்லை. எந்த நேரத்தில், எந்த வேலையின்போது, எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை நாள் என்பதைச் சொல்கிறது. எது நிகழவில்லை என்பதையும் சொல்கிறது. மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது பத்து நிமிடம், அதுவும் பெரும்பாலும் காலை வேளையில், குழந்தை களைப்பின்றி இருக்கும்போது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கண்கள் எப்படி இருக்கின்றன என்பதை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர் ஒருவரே.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. இதே கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் கண்ணைச் சுருக்குவதைக் குறிக்க 'ஸ்குவிண்ட்' என்ற சொல் வந்துவிடும். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு மாறுகண் என்று பொருள். "கண்கள் ஒன்றுக்கொன்று விலகிப் பார்க்கின்றனவா, அல்லது இமைகளை இடுக்கிப் பார்க்கிறாளா" என்பதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் பரிசோதனை வேறு திசையில் போய்விடும். தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

கண்ணைச் சுருக்குவதால் என்ன கிடைக்கிறது?

ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியாகக் குவிய வேண்டும். குவியம் விழித்திரைக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால், புள்ளி விழவேண்டிய இடத்தில் ஒரு சிறு வட்டம் விழும். அந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத்தான் மங்கல் என்கிறோம்.

வட்டத்தின் அளவு, ஒளி நுழையும் துவாரத்தின் அளவைப் பொறுத்தது. இமைகளை இடுக்கும்போது துவாரம் ஒரு மெல்லிய கோடாகக் குறுகுகிறது, வட்டமும் சிறுக்கிறது, எழுத்து ஓரளவு தெளிகிறது. கண்ணாடி அணிபவர்கள் இதை உடனே சரிபார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியே பார்த்தால், மங்கலாக இருந்த எழுத்து சற்று இருண்டாலும் தெளிவாகத் தெரியும். குழந்தை செய்வதும் இதுவே. அட்டைக்குப் பதில் இமையைப் பயன்படுத்துகிறது. யாரும் கற்றுத் தருவதில்லை.

ஆகவே, கண்ணைச் சுருக்குவதால் அந்த நொடியில் குவியம் விழித்திரையில் இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பது அதிலிருந்து தெரியாது. அதைக் கடிதத்தின் மற்ற வரிகளைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்.

கிட்டப்பார்வை ஏன் இங்கே பொருந்தவில்லை?

கண்ணைச் சுருக்குகிறாள் என்றதும் எல்லோரும் முதலில் நினைப்பது கிட்டப்பார்வையை. கண்ணுருண்டை சற்று நீண்டிருப்பதால் குவியம் விழித்திரைக்கு முன்னால் விழுவது அது. அருகிலிருப்பது தெளிவாகவும் தொலைவிலிருப்பது மங்கலாகவும் தெரியும். மைனஸ் பவர் கண்ணாடி தேவைப்படும். ஆனால் கடிதத்தின் மூன்று வரிகள் இதற்கு எதிராக நிற்கின்றன.

1. கிட்டப்பார்வைக்குக் கடிகாரம் தெரியாது. காலை ஒன்பது மணிக்கும் பலகை மங்கலாகவே இருக்கும். இந்தச் சிறுமிக்குக் காலைப் பாடவேளைகளில் தொல்லை இல்லை.

2. முன்வரிசைக்கு வந்தால் கிட்டப்பார்வைக் குழந்தைக்கு நிலைமை சற்றாவது மேம்பட வேண்டும். இவளுக்கு மேம்படவில்லை.

3. கிட்டப்பார்வையில் நோட்டும் புத்தகமும் கண்ணுக்கு இளைப்பாறும் இடங்கள். இவளுக்கோ, வாசிப்பு நீண்டால்தான் தொல்லையே தொடங்குகிறது.

மூன்றும் சேர்ந்து சுட்டுவது எதிர்த் திசையை, அதாவது குவியம் விழித்திரைக்குப் பின்னால் விழும் தூரப்பார்வையை.

தூரப்பார்வை என்ற பெயர் செய்யும் குழப்பம்

தூரப்பார்வை என்றதும், தூரத்திலிருப்பது நன்றாகத் தெரியும், அருகிலிருப்பது தெரியாது என்று பொருள் கொள்கிறோம். நாற்பது வயதில் வரும் வெள்ளெழுத்துக்கு அந்த வருணனை பொருந்தும். குழந்தையின் தூரப்பார்வை வேறு. கண்ணுருண்டை சற்றுக் குட்டையாக இருப்பதால், கண் தளர்வாக இருக்கும் நிலையில் தூரமும் மங்கல், அருகு அதைவிட மங்கல். ஆனால் குழந்தையின் கண் தளர்வாக இருப்பதே இல்லை.

கண்ணுக்குள் உள்ள லென்ஸைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. சிலியரி தசை என்பது அதன் பெயர். அது இறுகும்போது லென்ஸ் பருத்து, குவியத்தை முன்னால் இழுக்கிறது. குறையற்ற கண்ணில் இந்தத் தசைக்கு வேலை, அருகில் பார்க்கும்போது மட்டும்தான். தூரப்பார்வைக் குழந்தையின் கண்ணில் அது, பின்னால் விழும் குவியத்தை விழித்திரைக்குக் கொண்டுவரவே முதலில் இறுக வேண்டும். வாசிக்க வேண்டுமென்றால் அதற்கு மேலும் இறுக வேண்டும். ஒன்பது வயதில் தசையின் வலிமை ஏராளம் என்பதால் அது செய்து முடித்துவிடுகிறது. பலகை தெளிவாகத் தெரிகிறது. குழந்தையும் 6/6 வாசிக்கிறது.

6/6 என்பதற்குப் பொருள், ஆறு மீட்டரில் வாசிக்கப்பட வேண்டிய எழுத்தை ஆறு மீட்டரில் வாசித்தது என்பதே. அந்த எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். கண் எதை எட்டிப் பிடித்தது என்பதற்கான அளவு அது. எட்டிப் பிடிக்க எவ்வளவு உழைத்தது என்பது அந்த எண்ணில் இல்லை. தளர்ந்த கண்ணோடு வாசித்தவளுக்கும் தசையை முறுக்கி வாசித்தவளுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

வரலாற்றில் ஒரு வேடிக்கை இதில் உண்டு. எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்நெல்லன். படித்தால் கண் களைத்து வலிக்கிறது என்று வந்தவர்களில் பலருக்கு மூலக் காரணம் தூரப்பார்வைதான் என்று விளக்கிக் காட்டியவர், அதே நகரில் அவருடன் பணியாற்றிய பிரான்சிஸ்கஸ் டாண்டர்ஸ். எழுத்துப் பலகை பிறந்த மருத்துவமனையிலேயே அது காட்டாமல் விடுவதற்கான விளக்கமும் பிறந்திருக்கிறது. அதற்கு முன், இத்தகையோரிடம் படிப்பையும் நுண்வேலையையும் விட்டுவிடுங்கள் என்று சொல்வதும் வழக்கமாக இருந்தது.

மாலைத் தலைவலியின் கணக்கு

தசையின் உழைப்பை டையாப்டர் என்ற அலகில் கூறலாம். மீட்டரில் உள்ள தூரத்தால் ஒன்றை வகுத்தால் அந்தத் தூரத்தில் பார்க்கத் தேவையான டையாப்டர் கிடைக்கும். குழந்தைகள் நோட்டைக் கண்ணுக்கு நெருக்கமாக வைப்பவர்கள். 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒன்றை 0.25-ஆல் வகுத்தால் 4 டையாப்டர்.

குறையற்ற கண் உள்ள தோழிக்குப் பலகையைப் பார்க்கையில் ஏறக்குறைய பூஜ்யம், நோட்டைப் பார்க்கையில் 4. பலகையை ஏறிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவளுடைய தசைக்கு ஓய்வு கிடைக்கிறது.

நம் சிறுமியின் கண்ணில் 3.25 டையாப்டர் தூரப்பார்வை இருப்பதாகக் கொள்வோம். பலகையைப் பார்க்கையில் 3.25, நோட்டைப் பார்க்கையில் 4-உடன் 3.25 சேர்ந்து 7.25. ஓய்வு என்ற ஒன்று கண்ணை மூடினால்தான்.

ஒன்பது வயதுக் கண்ணால் அதிகபட்சம் எவ்வளவு இறுக முடியும்? வயதைக் கொண்டு கணிக்கும் பழைய சூத்திரம் ஒன்றின்படி சராசரி 16-ஐ ஒட்டியும், குறைந்தபட்சம் 13-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அந்த அளவு இருக்கும்போது 7.25 ஒரு சுமையா என்று கேட்கலாம். அதிகபட்சம் என்பது ஒரு கணம் எட்டக்கூடியது. மணிக்கணக்கில் தாங்கக்கூடியது ஏறத்தாழ அதில் பாதிதான் என்பது கண் பரிசோதகர்கள் கைக்கொள்ளும் வழக்கமான கணக்கு. குடத்தை ஒரு கணம் தலைக்கு மேல் தூக்கிவிடலாம். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கடினம். இவளுடைய திறன் குறைந்தபட்சமான 13-ஐ ஒட்டியது என்று கொண்டால், அதில் பாதி 6.5, இவளுக்குத் தேவை 7.25. காலையில் சமாளிக்கிறாள், பிற்பகலில் தசை நழுவுகிறது. நழுவும்போது எழுத்து மங்குகிறது, இமை சுருங்குகிறது, கண்ணைக் கசக்குகிறாள், மீண்டும் முறுக்கிப் பிடிக்கிறாள். நெற்றித் தசைகளும் சேர்ந்து இறுகுவதால் வலி புருவத்துக்கு மேல் உணரப்படுகிறது. விளையாட்டு வகுப்பு இருந்த நாள்களில் வலி இல்லாததற்குக் காரணம், அந்த நாள்களில் 7.25 தேவைப்படும் வேலை இல்லாததே.

இன்னொரு சிக்கலும் உண்டு. லென்ஸ் இறுகும்போது இரு கண்களும் மூக்கை நோக்கித் தாமாகவே திரும்பும்படி நரம்பிணைப்பு அமைந்திருக்கிறது. 4 டையாப்டருக்குரிய அளவு திரும்பவேண்டிய இடத்தில் 7.25-க்குரிய அளவு திரும்ப முனைவதால், கண்களைப் பிரித்து நேராக நிறுத்துவதற்கும் தனியே ஒரு முயற்சி தேவைப்படுகிறது. அந்த முயற்சி தோற்கும் சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதிலிருந்தே, ஒரு கண் உள்நோக்கித் திரும்பும் மாறுகண் வருகிறது. தோற்காத குழந்தைகள் தலைவலியோடு நான்காம் வகுப்புவரை வந்துவிடுகிறார்கள்.

பரிசோதனையில் பிழை நுழையும் இடம்

பலகையில் 6/6 வாசித்துவிட்ட பிறகு, பெற்றோரின் வற்புறுத்தலால் சில இடங்களில் "கம்ப்யூட்டர் டெஸ்ட்" செய்வார்கள். தாடையை வைத்துக் கருவிக்குள் பார்த்தால் நீண்ட சாலையின் முடிவில் ஒரு பலூனோ வீடோ தெரியும். கருவி ஒரு சீட்டை அச்சிட்டுத் தரும். படம் தூரத்தில் இருப்பதுபோல் வரையப்பட்டிருந்தாலும், முகத்தருகே உள்ள பெட்டிக்குள் பார்க்கிறோம் என்ற உணர்வே குழந்தையின் தசையை இறுக்கிவிடும். நாளெல்லாம் முறுக்கியே பழகிய தசை தேவைக்கு மேலும் இறுகும். அப்போது +3.25 இருக்கவேண்டிய கண்ணுக்குச் சீட்டில் −0.50 என்று வரலாம்.

இந்தச் சீட்டை அப்படியே நம்பி மைனஸ் கண்ணாடி தந்துவிடுவதுதான் இந்த விவகாரத்தில் நிகழக்கூடிய மிக மோசமான தவறு. மைனஸ் கண்ணாடி குவியத்தை இன்னும் பின்னால் தள்ளும்; நோட்டைப் பார்க்க 7.25 இறுகிய தசை இனி 7.75 இறுக வேண்டும். குழந்தை முதலில் "தெளிவாகத் தெரிகிறது" என்றும் சொல்லும். எழுத்துகள் சற்றுச் சிறுத்து, கறுத்துத் தெரிவதால் அப்படித் தோன்றும். தலைவலி கூடும். அடுத்த பரிசோதனையில் மைனஸ் இன்னும் கொஞ்சம் கூட்டப்படலாம். புதிய மைனஸ் கண்ணாடி போட்ட பிறகு மாலைத் தலைவலி அதிகமானது என்றால், குழந்தை பழகிக்கொள்ளும் என்று காத்திராமல் சொட்டு மருந்திட்டுப் பரிசோதித்தார்களா என்று கேட்க வேண்டும்.

சொட்டு மருந்துப் பரிசோதனை

சிலியரி தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, கண் உண்மையில் எங்கே குவிக்கிறது என்று பார்ப்பதே இதன் நோக்கம். பள்ளிவயதுக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சைக்ளோபென்டோலேட் 1% சொட்டு பயன்படுகிறது. படிகள் இவை.

1. சொட்டு விடுவதற்கு முன், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்வை அளக்கப்படும். இரு கண்களின் பவரும் வேறுபட்டால், நல்ல கண் மற்றதை மறைத்துவிடும். சோம்பேறிக் கண் எனப்படும் பார்வை மந்தம் கண்டுபிடிக்கப்படாமலே தங்கிவிடும். குழந்தை விரலிடுக்கில் பார்ப்பதில் கெட்டிக்காரி என்பதால் கையால் மூடச் சொல்வது போதாது.

2. கண்கள் சேர்ந்து இயங்குகின்றனவா என்பதும் சொட்டுக்கு முன்பே பார்க்கப்பட வேண்டும். மருந்து விட்ட பின் அந்தச் சோதனைகளுக்குப் பொருள் இராது.

3. சில நிமிட இடைவெளியில் ஓரிரு முறை சொட்டு விடப்படும். எரியும், குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அதன்பின் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கண்பாவை விரிந்துவிட்டது என்பதற்காகத் தசையும் தளர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இரண்டும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. அவசரப்பட்டால் பவர் குறைவாகவே தெரியும்.

4. பின்னர் மருத்துவரோ கண் பரிசோதகரோ ரெட்டினாஸ்கோப் எனும் கைக்கருவியால் கண்பாவைக்குள் ஒரு ஒளிக்கோட்டை அசைத்து, உள்ளே தெரியும் செந்நிற ஒளி எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து அளப்பார். குழந்தை எதையும் வாசிக்கவோ பதில் சொல்லவோ வேண்டியதில்லை.

மறுநாள்வரை அருகுப் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூச்சமாகவும் இருக்கும். ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் இதற்கு ஏற்றதல்ல. சில குழந்தைகளுக்கு முகம் சிவப்பதும் தூக்கக் கலக்கமும் நடத்தையில் சிறு மாற்றமும் ஏற்படலாம். வலிப்பு நோய் உள்ள குழந்தை என்றால் மருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம் சிறுமிக்குச் சொட்டுக்கு முன் சீட்டில் வந்தது −0.50; சொட்டுக்குப் பின் வலக்கண்ணில் +3.25, இடக்கண்ணில் +3.00. ஒரே கண், ஒரே நாள், ஒரு மணி நேர இடைவெளி.

இத்தனை தொலைவு செல்லாமலே சந்தேகத்தை எழுப்பும் ஒரு எளிய வழியும் உண்டு. எழுத்துப் பலகையை வாசிக்கும் குழந்தைக்கு +2.00 லென்ஸ் மாட்டி மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். குறையற்ற கண்ணுக்கு அந்த லென்ஸ் பலகையைக் கலங்கடிக்க வேண்டும். அதை மாட்டியும் கடைசி வரி தெளிவாகத் தெரிந்தால், கண்ணுக்குள் பிளஸ் பவர் ஒளிந்திருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் பார்வைச் சோதனைகளில் இந்த ஒரு நிமிட வேலையைச் சேர்ப்பது பெரிய செலவல்ல. சேர்க்காமல் தரப்படும் "பார்வை இயல்பு" என்ற சான்று அரைச் சான்றுதான் என்பது என் கருத்து.

இதே கடிதம் வேறு எதைச் சொல்லக்கூடும்?

தூரப்பார்வையை மட்டும் நினைத்துக்கொண்டு போவதும் தவறு. கடிதத்தில் ஒரு வரி மாறினால் காரணமும் மாறும்.

1. கசக்குவது முதலிடம் பிடித்து, அரிப்பும் நீர்வழிதலும் சிவப்பும் சேர்ந்திருந்தால், விடுமுறை நாளிலும் தொடர்ந்தால், ஒவ்வாமையை முதலில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அழுத்திக் கசக்குவது, கருவிழியின் முன்படலமான கார்னியா மெலிந்து கூம்பாகும் நோய்க்குத் துணைபோகும் என்பதால் அரிப்பைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

2. எழுத்து மங்குவதாகச் சொல்லாமல், எழுத்து நகர்கிறது, இரட்டையாகத் தெரிகிறது, வரி தப்பிவிடுகிறது என்று குழந்தை சொன்னால், இரு கண்களையும் அருகில் குவித்து நிறுத்தும் திறன் குறைந்திருக்கலாம். பேனா நுனியை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவரும்போது, பத்துச் சென்டிமீட்டருக்கு அப்பாலேயே அது இரண்டாகிவிட்டாலோ ஒரு கண் வெளிப்பக்கம் நழுவினாலோ அதை மருத்துவரிடம் சொல்லலாம். சொட்டு மருந்திலும் பவர் எதுவும் வராத குழந்தைக்கு இது இருக்கலாம். இதற்கு முதன்மையான மருத்துவம் கண்ணாடி அல்ல, பயிற்சி.

3. தலைவலி வாசிப்போடு தொடர்பின்றி வந்தால், ஒளியும் ஓசையும் பொறுக்காமல் படுத்துக்கொள்ள வைத்தால், அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். குழந்தைகளின் தலைவலிக்குக் கண் ஒரு காரணம்தான். ஊரார் நினைக்கும் அளவுக்கு அது முதன்மையான காரணமும் அல்ல.

4. காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, திடீரென வந்த இரட்டைப் பார்வை அல்லது மாறுகண், நடையில் தடுமாற்றம், கண்பாவையில் வெண்மை ஆகியவற்றில் எது இருந்தாலும் கண்ணாடிக் கடைக்குப் போகும் நேரமல்ல அது. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி வந்த பிறகு

சிறுமிக்கு எழுதித் தரப்பட்டது +2.50, +2.25. கண்டது 3.25 ஆயிற்றே, கடையில் தவறு செய்துவிட்டார்களா என்று பெற்றோர் கேட்பது இயல்பு. மாறுகண் இல்லாத குழந்தைக்கு முழுப் பவரையும் ஒரேயடியாகத் தருவதில்லை. இரு கண்களிலும் சமமாகக் கொஞ்சம் குறைத்துத் தருவது வழக்கம். இங்கே இரண்டிலும் 0.75 குறைக்கப்பட்டிருக்கிறது. மீதியைத் தசை சிரமமின்றிச் செய்துகொள்ளும்: நோட்டைப் பார்க்க 7.25 தேவைப்பட்ட இடத்தில் இனி 4.75 போதும். மாறுகண் இருந்திருந்தால் கணக்கு வேறு. அப்போது முழுப் பவரையே தர முனைவார்கள்.

"இந்த வயதிலேயே பிளஸ் பவரா, தாத்தாவுக்கு வருவதல்லவா" என்ற திகைப்புக்கும் இடமில்லை. தாத்தாவின் லென்ஸ் இறுகும் திறனை இழந்துவிட்டது. பேத்தியின் லென்ஸ் அளவுக்கு மீறி இறுகிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி ஒன்றுதான், காரணங்கள் எதிரெதிர். பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளின் கண்ணில் சில டையாப்டர் தூரப்பார்வை இருக்கும்; கண் வளர வளர அது குறையும். இவளுக்குக் குறைந்தது போதவில்லை, அவ்வளவே. கண்ணாடி போட்டதால் பவர் கூடாது. போடாமல் பழகினால் தசை வலுப்பெற்றுக் குறை மறையும் என்பதும் இல்லை. கண்ணின் நீளத்தைத் தசைப்பயிற்சியால் மாற்ற முடியாது.

முதல் சில வாரங்களில் ஒரு புதிய புகார் வரும்: "கண்ணாடி போட்டால்தான் போர்டு மங்கலாகத் தெரிகிறது." ஆண்டுக்கணக்கில் முறுக்கியே பழகிய தசை, லென்ஸ் உதவிக்கு வந்த பிறகும் விட்டுக்கொடுக்காமல் இறுகுவதே காரணம். பொய்யல்ல; கண்ணாடி தவறு என்பதற்கான சான்றும் அல்ல. காலையில் எழுந்ததும், தசை தளர்ந்திருக்கும் வேளையில் மாட்டி, நாள் முழுதும் கழற்றாமல் இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தெளியும். வகுப்பில் கழற்றி வைத்துவிடுவது இந்தக் காலத்தில்தான் என்பதால், பெற்றோர் ஆசிரியருக்கு எழுத வேண்டிய பதில் கடிதத்தில் இந்தச் செய்தி இடம்பெற வேண்டும்: பலகை மங்கலாகத் தெரிகிறது என்பாள், அதற்காகக் கழற்ற அனுமதிக்க வேண்டாம், அந்த வாரங்களில் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

அதே பதிலில் ஒரு வேண்டுகோளும் சேரலாம். முதல் கடிதத்தில் மூன்று வாரத்தில் ஏழு நாள் என்று ஆசிரியர் எண்ணியிருந்தார். கண்ணாடி மாட்டிய நாளிலிருந்து ஆறு வாரம் அதேபோல் எண்ணட்டும். எத்தனை நாள் கண்ணாடி முகத்தில் இருந்தது என்பதையும் குறிக்கட்டும். எண்ணிக்கை இறங்கினால் காரணம் கண்தான். கண்ணாடியை ஒழுங்காக அணிந்தும் அதே ஏழு நாள் நீடித்தால், பவரும் தலைவலியும் ஒரே குழந்தையிடம் தற்செயலாகச் சேர்ந்திருந்தன என்று கொண்டு, அந்தக் குறிப்போடு குழந்தைநல மருத்துவரிடம் செல்ல வேண்டும்.